ராத்திரிப் பாலை மறக்கடிக்கும் முன் பகல் சாப்பாட்டைப் பாருங்கள்

"டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய் ஒரு ஆபீசில் அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கிறேன். காலை 8 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு 7 ஆகிவிடும். மகளுக்கு 11 மாதம். 9 மாதத் தடுப்பூசி போட்டபோது 7.6 கிலோ, இப்போது 8.1. பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். பாட்டிலை வாயருகே கொண்டுபோனாலே தட்டிவிடுகிறாள். கஞ்சி, பிஸ்கட், மதியம் நாலைந்து ஸ்பூன் பருப்புச் சாதம், அவ்வளவுதான். ராத்திரியில் மட்டும் 10, 12, 1.30, 3, 4.30 என்று எழுந்து பால் கேட்கிறாள். 10 மணிக்கும் 3 மணிக்கும் பத்து நிமிஷம் போல நன்றாகக் குடிப்பாள். மற்ற நேரங்களில் இரண்டு நிமிஷம் சப்பிவிட்டுத் தூங்கிவிடுவாள். தூக்கமில்லாமல் ஆபீசில் தொகைகளைத் தப்பாகப் போட ஆரம்பித்துவிட்டேன். மாமியார் மார்பில் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார். கூட வேலை பார்க்கும் அக்கா, அழவிட்டால் மூன்றே நாளில் சரியாகும் என்கிறார். என் அண்ணி, படுக்கும்போது ஒரு பாட்டில் பவுடர் பால் கொடு என்கிறார். கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. பகல் பாலை நிறுத்த எனக்கு மனசில்லை. ராத்திரிப் பாலை மட்டும் நிறுத்த முடியுமா? பிள்ளையைப் பட்டினி போட்டதாக ஆகிவிடாதா?"

— ஒரு வாசகி, கடலூர்

முடியும். ஆனால் இன்று ராத்திரியே ஆரம்பிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து வேளையும் ஒரே மாதிரி அல்ல. 10 மணியும் 3 மணியும் பசிக்காகக் குடிப்பது. மற்ற மூன்றும் தூங்குவதற்காகச் சப்புவது. இந்த வித்தியாசத்தை நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் என் வேலை பாதி குறைந்துவிட்டது.

வேலைக்குப் போகும் அம்மாக்களின் குழந்தைகள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். அம்மா இல்லாத பதினோரு மணி நேரத்தை அரைகுறையாக ஓட்டிவிட்டு, அம்மா கையில் கிடைத்ததும் பாக்கியை எல்லாம் ராத்திரியில் வசூலித்துக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்களோ, "பகலில் தொந்தரவே இல்லை, ராத்திரிதான் அடம்" என்பார்கள். அடம் இல்லை. பகல் முழுக்கக் குறைவாகச் சாப்பிட்ட குழந்தைக்கு ராத்திரி பசிக்காமல் என்ன செய்யும்?

எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 11 மாதப் பெண் குழந்தையின் நடு எடை 8.7 கிலோ. 6.9 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்போம். உங்கள் மகள் இரண்டு மாதத்தில் அரைக் கிலோ ஏறியிருக்கிறாள், அது சரியான வேகம். ஆனால் அந்த அரைக் கிலோவில் ராத்திரிப் பாலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதை அப்படியே பிடுங்கினால் எடை நின்றுவிடும், அழுகையும் நியாயமான அழுகையாக இருக்கும். எனவே முதலில் ராத்திரிக் கணக்கைப் பகலுக்கு மாற்ற வேண்டும். குறைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் பத்து நாள், ராத்திரியைத் தொடாதீர்கள்

இந்த வயதில் தாய்ப்பால் போக, சாப்பாட்டிலிருந்து மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 300 கலோரி போக வேண்டும். நாலைந்து ஸ்பூன் பருப்புச் சாதமும் கஞ்சியும் அதற்குக் கிட்டேகூட வராது. கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர்தான். வயிறு நிறைந்துவிடும், ஒரு மணி நேரத்தில் காலியாகிவிடும். குழந்தையின் உணவு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு எளிய சோதனை: ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்க வேண்டும்.

அளவு என்றால், 250 மி.லி. டம்ளரில் அரை டம்ளர் கெட்டியான சாப்பாடு, நாளைக்கு மூன்று நான்கு வேளை. நடுவில் ஒன்றிரண்டு சிறு தீனி. இட்லியைச் சாம்பாரிலோ தயிரிலோ பிசைந்து தரலாம். கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் கிண்டலாம். பாசிப்பருப்புச் சாதத்தில் முருங்கைக் கீரை மசித்துச் சேர்க்கலாம். முட்டையை நன்றாக வேகவைத்து மசித்துத் தரலாம். கடலூரில் மீனுக்குப் பஞ்சமில்லை. முள் இல்லாத சதையை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுச் சாதத்தோடு பிசைந்து கொடுங்கள். ஒவ்வொரு வேளைச் சாதத்திலும் ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால், சாப்பாட்டின் அளவு கூடாமலே 45 கலோரி கூடும். இந்த வயதுச் சின்ன வயிற்றுக்கு அதுதான் வசதி.

மாமியாரிடம் பேச வேண்டிய ஒரே விஷயம் பிஸ்கட். காலை 11 மணிக்கு இரண்டு பிஸ்கட் உள்ளே போனால் 12.30 சாப்பாடு நாலு ஸ்பூனில் நின்றுவிடும். அந்த இடத்தில் வாழைப்பழமோ தயிரோ இருக்கட்டும். "நீங்கள் சரியாக ஊட்டவில்லை" என்ற தொனி மட்டும் வந்துவிடக் கூடாது. "ராத்திரி நான் தூங்கணும்னா மதியம் உங்க கையிலதான் இருக்கு அத்தை" என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்து உங்கள் பால். பாட்டில் வேண்டாம் என்கிறாள், சரி. 11 மாதக் குழந்தைக்குப் பாட்டில் எதற்கு? பாலாடையிலோ சின்ன டம்ளரிலோ குடிக்கிற வயது. பீய்ச்சி எடுத்த பாலில் கூழைக் குழைத்தாலும் போதும். மகப்பேறு பயன் விதிகளின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரம் போக இரண்டு பாலூட்டும் இடைவேளை உங்களுக்கு உண்டு. கடலூரில் இருக்கும் குழந்தைக்குப் புதுச்சேரியிலிருந்து வந்து பால் கொடுக்க முடியாது. ஆகவே அந்த நேரத்தைப் பால் பீய்ச்சக் கேட்டு வாங்குங்கள். மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, ஐஸ் பேக் வைத்த பையில் எடுத்து வந்து, வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். அது மறுநாள் பகலுக்கு. கொதிக்க வைக்காமல், வெந்நீரில் பாத்திரத்தை நிறுத்திச் சூடேற்றினால் போதும். நம் ஊர் வெயிலில் பாலை வெளியே வைத்துக்கொண்டு வரும் வேலை மட்டும் வேண்டாம்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டு முதல் வேலையாகப் பால் கொடுங்கள். 7.45 வாக்கில் கெட்டியான ராத்திரிச் சாப்பாடு. 8.30-க்கு மறுபடி பால். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, கிளம்புவதற்கு முன் ஒரு தடவை. ஆக, நீங்கள் வீட்டில் விழித்திருக்கும் நேரத்திலேயே நான்கு வேளை தாய்ப்பால் ஆகிவிடும். ராத்திரிப் பால் நின்றால் உங்கள் பால் வற்றிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால், இந்த நான்கும் ஆபீசில் பீய்ச்சும் இரண்டும்தான் பதில். கொஞ்சம் குறையலாம். இந்த வயதில் அது சமாளிக்கக்கூடியது.

பகல் மாற்றம் வேலை செய்கிறதா என்பதை 10 மணிப் பாலே காட்டிக்கொடுக்கும். நீங்கள் எதுவும் செய்யாமலே பத்து நிமிஷம் ஏழெட்டு நிமிஷமாகச் சுருங்கும். பகலில் இரண்டு வேளையாவது அரை டம்ளர் சாப்பிடுவது தொடர்ந்து மூன்று நாள் நடந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பத்து நாளில் நடக்கவில்லையா, இன்னும் ஒரு வாரம் கொடுங்கள். அப்போதும் நாலைந்து ஸ்பூனைத் தாண்டவில்லை என்றால் ராத்திரிப் பாலில் கை வைக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் ரத்தச் சோகை இருக்கிறதா என்று பார்ப்பார். ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் உள்ள இரும்புச் சத்து போதாது. சத்து குறைந்த குழந்தைக்குப் பசியும் மந்தமாக இருக்கும், தூக்கமும் புரண்டு புரண்டு கலையும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மி.லி. இரும்புச் சத்து சிரப் கொடுப்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்ததா என்று கடிதத்தில் இல்லை. கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

அந்த இரண்டு நிமிஷச் சப்பல்

குழந்தையின் தூக்கம் ஏறத்தாழ ஒரு மணி நேரச் சுற்றுகளாக ஓடும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் லேசாக விழிப்பது எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. விழித்ததும், தூங்கப்போனபோது எது இருந்ததோ அதைத் தேடும். உங்கள் மகள் மார்பை வாயில் வைத்தபடியே தூங்கிப் பழகியவள். 12 மணிக்கு விழிக்கும்போது அது வாயில் இல்லை, அதனால் கேட்கிறாள்.

பசிக்குக் குடிப்பதற்கும் தூக்கத்துக்கான சப்பலுக்கும் காதாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். பசியில் இழுத்து இழுத்துக் குடிப்பாள், இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு தடவை 'களுக்' என்று விழுங்கும் சத்தம் கேட்கும். தூக்கத்துக்கென்றால் தாடை மட்டும் படபடவென்று ஆடும், விழுங்கும் சத்தம் இருக்காது. எனக்காக இரண்டு ராத்திரி இதைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கணக்கு சரியா என்று உறுதியாகிவிடும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரிப் பாலை நிறுத்தினால் குழந்தை எழுவது நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எழுவாள். பால் இல்லாமலே திரும்பத் தூங்கக் கற்றுக்கொள்வாள், அவ்வளவுதான். சில குழந்தைகள் அதன் பிறகு எழுவதையும் குறைத்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள்.

குறைக்கும் வரிசை

கணவருக்கு நைட் ஷிப்ட் இல்லாத வாரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். முதல் நாலு ராத்திரி, படுக்கும் நேரம் மட்டும். 8.30 பாலை விளக்கு எரியும்போதே, உட்கார்ந்த நிலையில், அவள் விழித்திருக்கும்போது கொடுத்து முடியுங்கள். கண் சொருகும்போது சுண்டு விரலை வாயோரத்தில் விட்டு மெதுவாக மார்பை விடுவியுங்கள். பல்லைத் துணியால் துடைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். அப்புறம் தோளில் போட்டுத் தட்டுவதோ, பக்கத்தில் படுக்க வைத்து முதுகைத் தடவுவதோ கணவர் வேலை. நீங்கள் தூக்கினால் பால் வாசனைக்கே அழுவாள்.

தூளியில் போடலாமா என்றால், போடலாம். ஆனால் 11 மாதத்தில் எழுந்து உட்காரவும் பிடித்து நிற்கவும் வருமே, அதனால் ஆள் கூடவே இருக்க வேண்டும். தூளி தாழ்வாக இருக்கட்டும், பக்கத்தில் கயிறு எதுவும் தொங்கக் கூடாது. தூங்கியதும் கீழே இறக்கிவிடுங்கள். மார்புக்குப் பதில் தூளி என்று ஒரு பழக்கத்தை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிற கதையாகவும் ஆகலாம், அதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

அதற்கு அடுத்த நாலைந்து ராத்திரி 12 மணியும் 1.30-உம். இவை சப்பல் மட்டும்தான் என்பதால் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, நேரடியாக நிறுத்திவிடலாம். கணவர் தட்டிக் கொடுக்கட்டும். தாகம் என்று தோன்றினால், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் இரண்டு வாய் தரலாம். நடு ராத்திரிக்கு முன்னும் பின்னும் தூக்கம் ஆழமாக இருப்பதால் இவை இரண்டும் எளிதில் போகும். 4.30-ஐ முதலில் நிறுத்த முயன்றவர்கள்தான் நொந்துபோய் விட்டுவிடுகிறார்கள். விடியும் நேரத்தில் தூக்கம் லேசு, எவ்வளவு தட்டினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

பிறகு 10 மணியும் 3 மணியும். இவற்றைப் படியிறக்க வேண்டும். அதற்குள் எட்டு நிமிஷமாகியிருந்தால், இரண்டு ராத்திரி ஆறு நிமிஷம், அடுத்த இரண்டு ராத்திரி நாலு நிமிஷம். ஐந்து நிமிஷத்துக்குக் கீழே வந்துவிட்டால் அதற்கு மேல் அங்குலம் அங்குலமாகக் குறைக்க வேண்டியதில்லை, நிறுத்திவிட்டுத் தட்டிக் கொடுங்கள். இன்னும் பத்து நிமிஷம் குடிக்கிறாள் என்றால் எட்டிலிருந்து தொடங்குங்கள்.

4.30-ஐ நிறுத்த வேண்டாம். மெல்ல 5 மணிக்குத் தள்ளி, காலைப் பாலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் ராத்திரிப் பாலைச் சுழியமாக்குவது என் நோக்கம் அல்ல. 8.30-க்கும் 5-க்கும் இடையில் நீங்கள் தூங்க வேண்டும், அது கிடைத்தால் போதும்.

எந்தக் கட்டத்திலும் ஒரு விதி. இந்த வேளை பால் உண்டா இல்லையா என்பதைப் படுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். அரை மணி நேரம் அழவிட்டு, கடைசியில் மனசு தாங்காமல் கொடுத்தால், அரை மணி அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் அவள் கற்றுக்கொள்வாள். உடம்பு சூடாக இருக்கிறது, ஏதோ சரியில்லை என்று தோன்றினால் முதல் நிமிஷத்திலேயே கொடுத்துவிடுங்கள், பாதகமில்லை.

உங்களுக்கு வந்த மூன்று யோசனைகள்

வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம். இது கசப்பு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போய் வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட கைக்குழந்தைகளைப் பற்றி இந்தியாவிலும் மலேசியாவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மாமியார் கெட்டதற்குச் சொல்லவில்லை. அவர் காலத்தில் பாலை அடியோடு மறக்கடிக்கச் செய்த வழி அது. உங்களுக்கோ பகல் பால் வேண்டும். ராத்திரி கசந்த மார்பைக் குழந்தை காலையில் நம்பி வாயில் வைக்காது. மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவதும் பால் சுரப்பையே நிறுத்துவதற்கான வழி, உங்களுக்குப் பொருந்தாது.

படுக்கும்போது பவுடர் பால் கொடுத்தால் நீளமாகத் தூங்கும் என்பது பரவலான நம்பிக்கை. 6 மாதத்துக்கு மேல் தாய்ப்பால் குழந்தையும் பவுடர் பால் குழந்தையும் ராத்திரி எழுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கினால் மேல் முன்பற்கள் சொத்தையாகும் ஆபத்து அதிகம். பிறகு பாட்டிலை மறக்கடிக்க எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டிவரும்.

அழவிடுவது பற்றி: இந்த வயதில், ஆரோக்கியமான குழந்தையை இடைவெளி விட்டுப் போய்ப் பார்க்கும் முறையால் நீண்ட காலக் கேடு வந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் அது தனி அறை, தனித் தொட்டில் உள்ள வீட்டுக்கு ஏற்பட்டது. ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில், இரண்டாவது நிமிஷத்தில் யாராவது தூக்கிவிடுவார்கள். அப்பா தோளில் அழுவது வேறு, தனியே கிடந்து அழுவது வேறு. முதலாவதே போதும். தூங்க வைப்பதற்காகச் சளி மருந்து கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, அது ஆபத்து. மூச்சையே மந்தமாக்கும்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். முதல் சில ராத்திரி மார்பு கனத்து வலிக்கும். பாரம் இறங்கும் அளவுக்குக் கொஞ்சம் பீய்ச்சிவிடுங்கள், முழுக்கக் காலி செய்தால் மறுபடி அவ்வளவும் சுரக்கும். குளிர்ந்த துணி வைக்கலாம், இறுக்கிக் கட்டக் கூடாது. ஒரு இடத்தில் சிவந்து, கட்டியாகி, குளிர் காய்ச்சல் வந்தால் அது பால்கட்டு அழற்சி. மாத்திரை தேவைப்படலாம், டாக்டரைப் பாருங்கள், பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். இன்னொன்றும் உண்டு. தாய்ப்பால் கொடுப்பதால் கர்ப்பம் தங்காது என்ற பாதுகாப்பு முதல் ஆறு மாதத்தோடு, அதுவும் நிபந்தனைகளோடு, முடிந்துபோனது. ராத்திரிப் பால் குறையும்போது கருமுட்டை வெளிவருவது இன்னும் சீக்கிரம் திரும்பும், முதல் மாதவிலக்குக்கு முன்பேகூட. அடுத்த பிள்ளை இப்போது வேண்டாம் என்றால் அதற்கான ஏற்பாட்டையும் இதோடு செய்துகொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும் நாளில் அங்கன்வாடியில் எடை போடுங்கள். ஒரு மாதம் கழித்து அதே தராசில் மறுபடி போடுங்கள். இந்த வயதில் மாதம் சுமார் 200 கிராம் ஏற வேண்டும். ஏறவே இல்லை, அல்லது சிறுநீர் வழக்கத்தைவிடக் குறைந்து அடர்மஞ்சளாகப் போகிறது என்றால் குறைத்ததைத் திரும்பக் கொடுத்துவிட்டு டாக்டரிடம் வாருங்கள். நடுவில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள், குணமான பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தினமும் வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குகிறாள், காதைப் பிடித்து இழுத்து அழுகிறாள், தோல் அரிப்பில் சொறிந்துகொண்டே எழுகிறாள் என்றால், அவள் எழுவதற்குக் காரணம் பால் அல்ல. இந்தக் கடிதத்தில் சொன்ன எதையும் தொடங்குவதற்கு முன் அதைக் காட்டிச் சரிசெய்யுங்கள்.